தாத்தாவின் கையில் நாடாவைக் கொடுங்கள்

"என் தாத்தாவுக்கு 84 வயது. அம்மாபேட்டையில் ஐம்பது வருடம் குழித்தறியில் பட்டு நெய்தவர். போன தடவை அவரை போனில் வீடியோ பேட்டி எடுத்தேன். 'நல்லா இருந்துச்சு', 'ஆமாப்பா' என்பதைத் தாண்டி எதுவும் வரவில்லை. முகம் இருட்டாகத் தெரிகிறது. பக்கத்து விசைத்தறிச் சத்தம்தான் பெரிதாகக் கேட்கிறது. ஆடிக்கு லீவில் வருகிறேன். இந்த முறை எப்படி எடுப்பது?"
– ஒரு பேரன், சேலம்

ஆடிக்கு வாருங்கள், ஆனால் பண்டிகை நாட்களில் எடுக்க வேண்டாம். கோயில் ஒலிபெருக்கியை எந்த மைக்காலும் விலக்க முடியாது. உங்கள் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பாருங்கள். செய்தித்தாளில் முன்கூட்டியே போடுவார்கள். அன்று தெருவில் விசைத்தறி ஓடாது, வீட்டில் ஃபேனும் ஃபிரிட்ஜும் உறுமாது. டியூப்லைட் வெளிச்சத்தில் சில சமயம் வீடியோவில் ஓடுமே கறுப்புப் பட்டை, அதுவும் இருக்காது. புழுக்கம் ஏறுவதற்குள், மின்சாரம் நின்றதும் ஆரம்பித்து முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடுங்கள். அந்த வயதில் அதற்கு மேல் பேசினால் குரல் தளர்ந்துவிடும்.

முகம் இருட்டானதற்குக் காரணம், ஜன்னல் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்திருக்கும். ஜன்னல் அவருக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் முன்னால் வருகிற மாதிரி நாற்காலியைத் திருப்புங்கள். முகத்தில் ஒரு பக்கம் வெளிச்சமும் மறு பக்கம் லேசான நிழலும் விழும். சுருக்கங்கள் அழகாகத் தெரியும். போனைப் படுக்கைவாட்டில் ஸ்டாண்டில் மாட்டி, பின்பக்க கேமராவை அவர் கண் உயரத்துக்கு வையுங்கள். ரொம்ப நெருக்கி வைத்தால் மூக்கு பெரிதாகத் தெரியும். ஐந்தாறு அடி தள்ளி வைத்து, 2x லென்ஸ் இருந்தால் அதில் எடுங்கள். திரையில் அவர் முகத்தை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் கையை ஆட்டும்போதெல்லாம் படம் மங்கித் தெளியும். போனை ஃபிளைட் மோடில் போட மறக்காதீர்கள்.

காலர் மைக்கை மோவாய்க்கு ஒரு சாண் கீழே குத்துங்கள். மொடமொடக்கும் கஞ்சிச் சட்டையோ தோளில் துண்டோ அதில் உரசக் கூடாது. ஒரு நிமிடம் எடுத்து, ஹெட்போனில் கேட்டுப் பார்த்த பிறகே பேட்டியை ஆரம்பியுங்கள். நீங்கள் கேமராவை ஒட்டி, அவருக்கு நன்றாகக் கேட்கும் காதுப் பக்கமாக உட்காருங்கள். அவர் உங்களைப் பார்த்துப் பேசட்டும், லென்ஸைப் பார்க்க வேண்டியதில்லை.

இனி கேள்விகள். "அந்தக் காலத்தில் நெசவு எப்படி இருந்தது தாத்தா?" என்று கேட்டிருப்பீர்கள். ஐம்பது வருடத்தை ஒரே மூச்சில் கேட்டால் 'நல்லா இருந்துச்சு' என்றுதான் பதில் வரும். ஒரு காலைப் பொழுதை மட்டும் கேளுங்கள். "குழியில் இறங்கி உட்கார்ந்ததும் முதலில் எதைத் தொடுவீங்க?" "பாவில் ஒரு இழை அறுந்தால் கண்ணுக்குத் தெரியுமா, கைக்குத் தெரியுமா?" "தெருவில் பாவு நீட்டும்போது யார் வீட்டு வாசலிலிருந்து யார் வீட்டு வாசல் வரை போகும்? அந்த முனையைப் பிடித்தது யார்?" "முதல் கூலியை யார் கையில் கொடுத்தீங்க?" இப்படிக் கேட்டால் இடமும் ஆட்களும் தானாக வருவார்கள். அவர் நிறுத்தியதும் அடுத்த கேள்வியைப் போடாமல் மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். பாதி நேரம் அவரே தொடர்வார். நடுவில் 'ம்ம்' கொட்டாதீர்கள், தலையாட்டினால் போதும். வருடத்தைத் தப்பாகச் சொன்னால் திருத்த வேண்டாம். பாட்டியிடமும் இதை முன்பே சொல்லிவையுங்கள்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு செய்த என் சித்தப்பாவை நான் பேட்டி எடுத்தபோது இருபது நிமிடம் ஒற்றை வார்த்தைதான். டீ வந்தது, கேமராவை அணைத்தேன். சும்மா இருக்கட்டுமே என்று, வெள்ளியைப் பற்றவைக்கத் தீயை ஊதும் அவருடைய பழைய ஊதுகுழலைக் கையில் கொடுத்தேன். வாயில் வைத்துக் கன்னத்தை உப்பினார். "பத்தவைக்கிறப்போ மூச்சு அறுந்தா பொடி வேலை போச்சுடா" என்று ஆரம்பித்து, பதின்மூன்று வயதில் அதற்காக அறை வாங்கிய கதை வரைக்கும் போனார். அது எதுவும் பதிவாகவில்லை. மறுநாள் திரும்பக் கேட்டேன், அந்தச் சொற்கள் வரவில்லை.

அதனால் தறியில் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் தாத்தாவின் நாடா, அந்த நூலைச் சுற்றும் தார்க்குச்சி, கூலி எழுதிய பழைய நோட்டு எது வீட்டில் இருந்தாலும் முதல் நாளே தேடி எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். பேச்சு நின்றுபோகிற இடத்தில் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுங்கள். டீ நேரத்திலும் கேமரா ஓடட்டும், அதை அவரிடம் சொல்லிவிட்டே ஓட விடுங்கள். போனில் 15 ஜிபி இடம் காலியாக இருந்தால் கவலையில்லை. முடிந்ததும் இரண்டு நிமிடம் அவர் கைகளை மட்டும் நெருக்கமாக எடுங்கள். எல்லோரும் பேசாமல் இருந்து, அந்த அறையின் அமைதியையும் அரை நிமிடம் பதிவு செய்யுங்கள். பின்னால் பேச்சை வெட்டி ஒட்டும் இடங்களில் அதைப் போட்டால் ஒட்டு தெரியாது.

அன்று மாலையே அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் போட்டுக் காட்டுங்கள். 'இது வெளியில் வேண்டாம்' என்று அவர் சொல்லும் இடங்களைக் குறித்துக்கொண்டு, ஊருக்கு பஸ் ஏறுவதற்கு முன் வீட்டில் ஒரு பென்டிரைவில் நகல் வைத்துவிட்டுப் போங்கள்.