கார்டு மாறினால் ஒரு சந்தா ஓடுகிறது, இன்னொன்று நிற்கிறது. ஏன்?

கேள்வி: கார்டு தொலைந்துபோனதால் வங்கி புது நம்பரோடு வேறு கார்டு அனுப்பியது. வீடியோ சந்தாவுக்கு நான் ஒன்றுமே செய்யவில்லை, புது கார்டிலிருந்து தானாகவே பணம் போய்விட்டது. ஃபோட்டோ சேமித்து வைக்கும் சந்தா மட்டும் 'பணம் எடுக்க முடியவில்லை' என்று மெயில் அனுப்புகிறது. புது கார்டைச் சேர்த்த பிறகும் அதே மெயில் வந்தது. என்ன செய்ய?

பதில்: கணக்கில் புது கார்டைச் சேர்ப்பது வேறு, சந்தாவை அந்தக் கார்டுக்கு மாற்றுவது வேறு. உங்கள் சிக்கல் அநேகமாக இங்கேதான் இருக்கிறது. பல நிறுவனங்களின் பக்கத்தில் புது கார்டு பட்டியலில் இரண்டாவதாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். சந்தா மட்டும் பழைய கார்டையே பிடித்துக்கொண்டிருக்கும். 'டீஃபால்ட்' என்ற குறி எந்தக் கார்டின் பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் சந்தா விவரப் பக்கத்துக்குத் தனியாகப் போய், அங்கே எந்தக் கார்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தெரிகின்றன என்றும் பாருங்கள். இரண்டும் புது கார்டாகவே இருந்தாக வேண்டும்.

அதையும் சரிசெய்த பிறகு நிலுவையில் உள்ள பில்லைத் திறந்து பாருங்கள். தோற்றுப்போன பில் சில இடங்களில் பழைய கார்டோடு கட்டப்பட்டே கிடக்கும். டீஃபால்ட்டை மாற்றினாலும் அது அடுத்த மாத பில்லுக்குத்தான் பொருந்தும். அந்தப் பழைய பில்லை நீங்களே 'இப்போது செலுத்து' என்று அழுத்திப் புது கார்டில் கட்ட வேண்டும்.

நிறுவனம் எந்தக் கார்டில் முயல்கிறது என்பதை உறுதிசெய்ய ஓர் எளிய வழி உண்டு. வங்கிக்குப் போன் செய்து, புது கார்டில் அந்த நிறுவனத்தின் பெயரில் மறுக்கப்பட்ட முயற்சி ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். ஒன்றுமே இல்லை என்றால், அவர்கள் அநேகமாக இன்னும் பழைய நம்பரைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். சரிசெய்ய வேண்டிய இடம் நிறுவனத்தின் பக்கம். பதிவு இருந்தால் காரணத்தை வங்கியே சொல்லும். புது கார்டில் ஆன்லைன் பயன்பாட்டை இன்னும் திறக்காமல் இருப்பது, வெளிநாட்டுக் கட்டணங்கள் அடைக்கப்பட்டிருப்பது, இவைதான் அடிக்கடி அகப்படும் காரணங்கள்.

சரி, வீடியோ சந்தாவுக்கு மட்டும் புது நம்பர் எப்படித் தெரிந்தது? அதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. முதல் வழி, கார்டு புதுப்பிப்புச் சேவை. விசா, மாஸ்டர்கார்டு என்ற கார்டு நெட்வொர்க்குகள் இரண்டுமே இதை நடத்துகின்றன. வங்கி உங்களுக்குப் புது கார்டு கொடுக்கும்போது, 'இந்தப் பழைய நம்பருக்கு இனி இந்தப் புது நம்பர், இந்தக் காலாவதித் தேதி' என்ற தகவலை அந்த நெட்வொர்க்கிடம் கொடுக்கிறது. சந்தா நிறுவனம் பில் போடுவதற்குச் சில நாள் முன்பு, தன்னிடம் இருக்கும் நம்பர்களை அனுப்பி 'ஏதாவது மாறியிருக்கிறதா?' என்று விசாரிக்கிறது. புது நம்பர், புது தேதி, கணக்கு மூடப்பட்டது, கார்டுதாரரையே கேட்டுக்கொள் என்பது போன்ற பதில்களில் ஒன்று திரும்பி வரும்.

இதில் நிறுவனம், வங்கி இரு தரப்பும் சேர்ந்திருக்க வேண்டும். ஒரு தரப்பு இல்லையென்றாலும் தகவல் போகாது. நேரமும் முக்கியம். கார்டு 3ஆம் தேதி தொலைந்தது, வங்கி 6ஆம் தேதி தகவலை ஏற்றியது என்று வைத்துக்கொள்வோம். வீடியோ நிறுவனம் 8ஆம் தேதி விசாரித்து 10ஆம் தேதி பில் போட்டால் புது நம்பர் கிடைத்துவிடும். ஃபோட்டோ நிறுவனம் 5ஆம் தேதியே விசாரித்துவிட்டு 7ஆம் தேதி பில் போட்டால், அதன் கையில் இருப்பது பழைய நம்பர்தான். இரண்டு பேரும் ஒரே சேவையில் இருந்தும் ஒருவருக்குப் பணம் வந்தது, இன்னொருவருக்கு வரவில்லை.

இரண்டாவது வழி டோக்கன். இதில் நிறுவனம் உங்கள் கார்டு நம்பரையே வைத்திருக்காது. கார்டு நம்பரைப் போலவே தோன்றும், ஆனால் அந்த நிறுவனத்தில் மட்டும் செல்லுபடியாகும் ஒரு மாற்று நம்பரை நெட்வொர்க் கொடுத்திருக்கும். கார்டு மாறினால் அந்த மாற்று நம்பர் மாறுவதில்லை; அதன் பின்னால் உள்ள உண்மையான நம்பரை மட்டும் வங்கியும் நெட்வொர்க்கும் மாற்றிக்கொள்கின்றன. யாரும் விசாரித்துக் கேட்க வேண்டியதில்லை என்பதால் இதுதான் நம்பகமான வழி என்பது என் கருத்து. ஒரே ஒரு குழப்பம் இதில் வரும்: நிறுவனத்தின் பக்கத்தில் பழைய நான்கு இலக்கங்களே தெரிந்துகொண்டிருக்க, பணம் புது கார்டிலிருந்து போயிருக்கும். பதற வேண்டாம். திரையில் காட்டும் இலக்கங்களை அவர்கள் புதுப்பிக்கவில்லை, அவ்வளவுதான்.

காலாவதியான கார்டுக்கும் தொலைந்த கார்டுக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. காலாவதிக்குப் பின் வரும் கார்டில் பெரும்பாலும் நம்பர் அதேதான், தேதி மட்டும் மாறும். பழைய தேதியோடு நிறுவனம் பணம் கேட்டால் வங்கி பொதுவாக 54 என்ற பதிலை அனுப்பும்; காலாவதி என்று பொருள். தேதியைத் திருத்தினால் போதும். தொலைந்த கார்டு என்றால் 41, திருடுபோனது என்றால் 43. விசா விதிப்படி இந்த இரண்டு பதில்கள் வந்தால் நிறுவனம் அதே நம்பரில் மறுபடி முயலவே கூடாது. போதிய பணம் இல்லை என்ற 51 வந்தால் சில நாள் விட்டு முயலலாம். ஆகவே உங்கள் விஷயத்தில் 'அவர்களே மறுபடி முயலட்டும்' என்று காத்திருப்பதில் பலன் இல்லை. மெயிலில் இந்த எண் இருக்காது. வாடிக்கையாளர் சேவையில் 'வங்கி அனுப்பிய மறுப்புக் குறியீடு என்ன?' என்று கேட்டுப் பாருங்கள்.

புது கார்டைச் சேர்க்கும்போது கடைசிப் படிவரை போய் முடியுங்கள். கார்டின் பின்புறத்து மூன்று இலக்கங்களைப் பணப் பரிமாற்றம் முடிந்தபின் நிறுவனம் சேமித்து வைக்க விதி அனுமதிப்பதில்லை. அதனால் முதல் தடவை அவற்றையும், வங்கி கேட்டால் ஓடிபியையும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். அடுத்தடுத்த மாதங்களில் நிறுவனம் தானாகக் கழிப்பது அந்த முதல் ஒப்புதலைக் காட்டித்தான். ஓடிபி திரையில் பாதியில் மூடிவிட்டால், கார்டு பட்டியலில் தெரிந்தாலும் தொடர் கட்டணத்துக்கான ஒப்புதல் இல்லாமல் இருக்கலாம். சந்தேகமாக இருந்தால் அந்தக் கார்டை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போது பூஜ்யமோ மிகச் சிறிய தொகையோ கழிவதாகச் செய்தி வரும். அது சோதனைதான், தொகை இருந்தால் திரும்பிவிடும்.

இதையெல்லாம் மெயிலில் உள்ள இணைப்பை அழுத்திச் செய்யாதீர்கள். 'பணம் தோல்வி, கார்டைப் புதுப்பிக்கவும்' என்பது மோசடிக்காரர்கள் அதிகம் பயன்படுத்தும் வாசகம். செயலியை நீங்களே திறந்து போங்கள்.

சந்தாவைச் செயலி அங்காடி வழியாக எடுத்திருந்தால், ஃபோட்டோ நிறுவனத்தின் பக்கத்தில் எவ்வளவு தேடியும் கார்டு மாற்றும் இடம் கிடைக்காது. பணம் எடுப்பது அங்காடி. அங்கே உங்கள் கணக்கில்தான் கார்டை மாற்ற வேண்டும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. வீடியோ சந்தா உங்கள் புது கார்டைத் தேடி வந்ததுபோல, நீங்கள் மறந்துபோன வேறு சந்தாவும் வந்திருக்கலாம். கார்டு மாறினால் சந்தா நின்றுவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம். புது கார்டின் முதல் இரண்டு மாத ஸ்டேட்மென்ட்டை வரிவரியாகப் பாருங்கள். ஆண்டுச் சந்தாக்கள் அதில் தெரியாது. அவற்றுக்குப் பழைய கார்டின் கடந்த 12 மாத ஸ்டேட்மென்ட்டைப் புரட்ட வேண்டும். வேண்டாததை அந்த நிறுவனத்திலேயே ரத்து செய்யுங்கள். அவர்கள் இழுத்தடித்தால், அந்த ஒரு நிறுவனத்தின் தொடர் கட்டணத்தை மட்டும் நிறுத்தும்படி வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள்.