அகப்பைப் படத்தை அழிக்கலாமா?

"1986இல் அப்பா களுவாஞ்சிக்குடியில் தொடங்கின கறித்தூள் ஆலையை இப்ப நான் நடத்துறன். சிவப்புப் பக்கற், முன்னால அகப்பைப் படம். சனம் 'அகப்பைத் தூள்' எண்டுதான் கேட்டு வாங்கும். மூண்டு வருசமா விற்பனை இறங்கிக்கொண்டு வருது. கொழும்பில ஒரு விளம்பரக் கம்பனி ஆங்கிலப் பேர், வெள்ளைப் பக்கற், புது லோகோ எண்டு முழுக்க மாத்தச் சொல்லுது. மாத்தலாமா? மாத்தினா பழைய ஆக்களுக்கு எப்பிடிச் சொல்றது?"

கம்பனிக்குப் பதில் சொல்ல முதல் பில் புத்தகத்தை எடுங்கள். லொறி போகும் கடைகளை இரண்டாகப் பிரியுங்கள்: படுவான்கரைப் பக்கம் வேறு, கல்முனை, காத்தான்குடி, மட்டக்களப்பு நகரம் வேறு. ஒவ்வொரு கடையும் இந்த வருடம் எடுத்ததைப் போன வருடத்தின் அதே மாதங்களோடு ஒப்பிடுங்கள். பேச்சுக்கு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிக் கடைகள் முன்புபோலவே எடுக்கின்றன, நகரக் கடைகள் எண்பதில் முப்பது எடுப்பதை நிறுத்திவிட்டன என்று வைப்போம். அப்படியானால் உங்கள் பெயர் எல்லா இடத்திலும் கிழடு தட்டவில்லை, ஓரிடத்தில்தான் வழுக்கியிருக்கிறது.

ஏன் என்று அந்த முப்பது கடைகளின் பக்கத்து வீடுகளில் கேளுங்கள். முப்பது வயதுக்குக் குறைந்த இருபது பேர் போதும். "கடையில இல்லையே" என்றால் குறை விநியோகத்தில். "வாசம் போயிட்டு" என்றால் வறுவலிலோ பக்கற்றின் ஒட்டிலோ. "அது அம்மா பாவிக்கிற தூள்" என்றால் மட்டும்தான் அது பெயருக்கு வந்த முதுமை. முதல் இரண்டுக்கும் லோகோ மருந்தில்லை. ஒட்டு விட்டுத் தூள் கசிகிற பக்கற்றுக்குப் புதுப் பெயர் வைத்தால், புதுப் பெயரோடு கசியும். பார்கோட் இல்லாததால் சுப்பர்மார்க்கெட் எடுக்கவில்லை என்பதும் இந்த வகைதான்.

பெயரையே மாற்ற வேண்டிய நிலைமைகள் சில உண்டு. அதே பெயரை இன்னொருவர் உங்களுக்கு முதல் பதிவு செய்திருக்கலாம். பெயர் ஏதாவது வழக்கில் கெட்டுப் போயிருக்கலாம். அல்லது கறித்தூள் என்று பெயரிலேயே இருக்க, நீங்கள் அரிசிமாவுக்கும் ஊறுகாய்க்கும் போக வேண்டியிருக்கலாம். உங்கள் கடிதத்தில் இவை ஒன்றுமில்லை.

இனி, முழுக்க மாற்றினால் என்ன நடக்கும்? 2009 ஜனவரியில் அமெரிக்காவில் ட்ரொப்பிக்கானா தோடம்பழச் சாற்றின் பெட்டியை மாற்றினார்கள். பழத்துக்குள் உறிஞ்சு குழாய் குத்தியிருக்கும் பழைய படம் போய், கண்ணாடிக் குவளையில் சாறு வந்தது. எழுத்தும் மாறியது. உள்ளே அதே சாறுதான். இரண்டு மாதம் ஆகுமுன் விற்பனை ஏறத்தாழ 20 வீதம் விழுந்தது, பழைய பெட்டியையே திருப்பிக் கொண்டுவந்தார்கள். வாங்குகிறவர் பெயரை வாசித்து எடுப்பதில்லை. நிறத்தையும் படத்தையும் கண்டு கை நீட்டுகிறார். அவை போனால், அவர் தேடிய சாமான் அந்தத் தட்டில் இல்லை.

இதை நான் பட்டும் தெரிந்துகொண்டேன். அம்பாறை மாவட்டத்தில் ஓர் அரிசி ஆலைக்கு மஞ்சள் பையை வெள்ளையாக்கச் சொன்னவன் நான்தான். பை அழகாகத்தான் வந்தது. கடைக்காரர்கள் அதை மற்ற வெள்ளைப் பைகளோடு சேர்த்து அடுக்கினார்கள், அவ்வளவுதான். இரண்டு போகம் கழித்து மஞ்சள் கரை போட்ட பிறகே ஓடர் திரும்பியது.

கறித்தூளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தூளில் கலப்படம் இருக்கும் என்ற பயம் நம் வீடுகளில் எப்போதும் உண்டு. தெரியாத பக்கற்றில் தெரிந்த பெயர் வந்தால் முதலில் வருவது "இது கள்ளத் தூளோ?" என்ற சந்தேகம். அந்த நேரம் அரைப்பின் பக்குவத்தையும் மாற்றியிருந்தால் கதை முடிந்தது. மாற்றாவிட்டாலும் "ருசி மாறிட்டு" என்று சிலர் சொல்லத்தான் செய்வார்கள். ஆகவே பக்கற் மாறும் ஆறு மாதத்துக்குள் பக்குவம், விலை, நிறை மூன்றையும் தொடாதீர்கள். புதுப் பக்கற்றில் 100 கிராம் 90 ஆனால், அழகு காட்டி ஏமாற்றியதாகத்தான் பேசுவார்கள்.

எதை வைத்திருப்பது, எதை விடுவது? உங்கள் வாடிக்கைக்காரர் பத்துப் பேரிடம் பேனையும் தாளும் கொடுத்து, பக்கற்றை ஞாபகத்திலிருந்து வரையச் சொல்லுங்கள். அகப்பையும் சிவப்பும் எல்லோரின் தாளிலும் வரும் என்று நினைக்கிறேன். கரையில் இருக்கும் பூ வேலையை எவரும் வரையாவிட்டால் அதை அழித்துவிடலாம். பிறகு மாதிரிப் பக்கற்றை வேறு ஆறு கறித்தூள்களுக்கு நடுவே வைத்து, "அகப்பைத் தூள் எடுத்து வா" என்று ஒரு பிள்ளையை அனுப்புங்கள். பிள்ளை தடுமாறினால் மாதிரி தோல்வி.

உங்களுக்கு என் முடிவு இது: பெயரும் அகப்பையும் சிவப்பும் நிற்கட்டும். எழுத்தைத் தெளிவாக்குங்கள், வாசம் காக்கும் நல்ல பக்கற் போடுங்கள். நகரத்து இளையவர்களுக்குப் பொரியல் தூள், பிரியாணித் தூள் என்று புதிய வகைகளை அதே அகப்பையின் கீழ் கொண்டுவாருங்கள். ஆங்கிலப் பெயருக்குச் செலவு வேண்டாம்.

பதிவையும் பாருங்கள். தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வியாபாரக் குறி 10 வருடத்துக்குப் பதிவாகும், புதுப்பிக்கலாம். மசாலாவுக்கு 30ஆம் வகுப்பு. அப்பா பதிவு செய்யாமல் விட்டிருந்தால், பழைய படத்தையும் பெயரையும் முதலில் பதியுங்கள். நீங்கள் கைவிட்ட அகப்பையை இன்னொருவர் தூக்கிக்கொள்வதுதான் நடக்கக்கூடிய மிக மோசமான காரியம். ஹலால் சான்றிதழ் இருந்தால், புது வடிவத்தை அச்சுக்கு முன்பே அவர்களுக்குக் காட்டுங்கள். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் அந்த முத்திரை இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும்.

சொல்வது கடைக்காரரிலிருந்து தொடங்கட்டும். "இது அதேதானா?" என்று ஆச்சி கேட்கும்போது பதில் சொல்லப் போகிறவர் அவர்தான். பக்கற் வருவதற்கு இரண்டு கிழமை முன்பு லொறியில் போகும் தம்பி இரண்டு பக்கற்றையும் கையில் கொடுத்து, பிரித்து மணக்க வைக்கட்டும். பக்கற்றின் மூலையில் பழைய பக்கற்றின் சிறு படம், கீழே "அதே ஆலை, அதே அரைப்பு, பக்கற் மட்டும் புதிது" என்ற வரி. இதை ஆறு மாதம் விடுங்கள். பேஸ்புக்கில் போடுவது பிறகு போதும், படுவான்கரை ஆச்சி அதைப் பார்த்துக் கறி வைப்பதில்லை.

பழையதும் புதியதும் ஒரே தட்டில் நின்றால் ஒன்று போலி, மற்றது பழசு என்று படும். அதனால் ஒரு லொறிப் பாதையில் பழையது தீர்ந்த பிறகே அங்கு புதியதை இறக்குங்கள். நகரப் பாதையில் தொடங்குங்கள், நோன்புக்கும் சித்திரைக்கும் முந்திய கிழமைகளைத் தவிருங்கள்.

முதல் ஓடரைப் பார்த்து மகிழ வேண்டாம், அது தம்பியின் வாய்ச்சாலகம். இரண்டாவது, மூன்றாவது ஓடர் வழக்கமான நாளில் வருகிறதா என்பதை இன்னும் மாற்றாத பாதையோடு ஒப்பிடுங்கள். மூன்றாவது பிந்தினால் அடுத்த பாதைக்குப் போகாதீர்கள். அதுவரை பழைய பக்கற் அச்சடிக்கும் சிலிண்டர்களை அச்சகத்தில் அழிக்க விடாதீர்கள். இடம் பிடிக்கிறது என்று சொல்வார்கள், வாடகை கேட்டாலும் கொடுங்கள்.