தேதிதான் கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் ஒரு தனியார் மெட்ரிக் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. வரும் மே மாதத்தோடு ஏழு ஆண்டுகள் முடிகின்றன. சென்னையில் ஓராண்டுத் திரைப்பட இயக்க டிப்ளமோவுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். எழுத்துத்தேர்வு முடிந்துவிட்டது. நேர்முகத்தேர்வு ஏப்ரலில், முடிவு மே மாத நடுவில், வகுப்பு ஜூலையில். பணி நியமன ஒப்பந்தத்தில் மூன்று மாத முன்னறிவிப்பு என்று இருக்கிறது. இடம் கிடைத்த பிறகு கொடுத்தால் நாள் போதாது, இப்போதே கொடுத்தால் இடம் கிடைக்காமல் போகலாம். என் அசல் சான்றிதழ்கள் பள்ளியில் இருக்கின்றன. நான்கு பக்கத்தில் ராஜினாமாக் கடிதம் எழுதி இணைத்திருக்கிறேன். படித்துத் திருத்தித் தர முடியுமா? பெயர் வெளியிட வேண்டாம்.

ச.

அன்புள்ள ச.,

நான்கு பக்கத்தையும் இரண்டு முறை படித்தேன். நன்றாக எழுதுகிறீர்கள். அதனால்தான் சொல்கிறேன், இதைக் கொடுக்காதீர்கள்.

நானும் ஆசிரியனாக இருந்து விலகியவன். அப்போது இரண்டரைப் பக்கம் எழுதினேன். ‘மனநிறைவைத் தேடிப் போகிறேன்’ என்று ஒரு வரி அதில் இருந்தது. தாளாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “அப்ப இங்க உங்களுக்கு என்ன குறை வச்சோம்?” என்று கேட்டார். அடுத்த ஒரு மணி நேரம் அந்த வரிக்கு விளக்கம் சொல்லியே போனது. எந்தத் தேதியில் போகிறேன் என்று எழுத மறந்திருந்தேன். அந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டு, மறுநாளே வரவேண்டாம் என்றும் மாத நடுவில் போவதால் சம்பளம் கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள். தவறு பாதி என்னுடையது.

ராஜினாமாக் கடிதத்தில் உயிரான பகுதி தேதி. கடிதம் கொடுக்கும் தேதி ஒன்று, பணியிலிருந்து விலகும் தேதி இன்னொன்று. இரண்டும் தனித்தனியாக இருக்கவேண்டும். உங்கள் நான்கு பக்கத்தில் கடைசிப் பத்தியில் ‘விரைவில் விடைபெறுகிறேன்’ என்று மட்டும் இருக்கிறது. அப்படி எழுதினால், விடைபெறும் நாளைப் பள்ளியே குறித்துக்கொள்ளலாம்.

உங்கள் குழப்பத்துக்கும் விடை தேதியில்தான் இருக்கிறது. 1977-ல் அலகாபாத் உயர்நீதிமன்ற நீதிபதி சதீஷ் சந்திரா, ஆகஸ்ட் 1 முதல் பதவி விலகுவதாக மே 7-ஆம் தேதியிட்டுக் குடியரசுத் தலைவருக்கு எழுதினார். ஜூலை 15 அன்று, அதைத் திரும்பப் பெறுகிறேன் என்று இன்னொரு கடிதம் எழுதினார். கொடுத்தது கொடுத்ததுதானே, இனி எப்படி நீதிபதியாக இருக்கலாம் என்று வழக்கு வந்தது. 1978-ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. எதிர்காலத் தேதி போட்ட ராஜினாமா அந்தத் தேதி வரும்வரை ஓர் எண்ணத்தின் அறிவிப்புதான், தடுக்கும் விதி எதுவும் இல்லாவிட்டால் அதற்குள் திரும்பப் பெறலாம் என்பது அதன் சாரம். பிற்பாடு சாதாரண ஊழியர்கள் தொடர்பான வழக்குகளிலும் இந்த வழியே பின்பற்றப்பட்டது.

ஆகவே பிப்ரவரி 28-க்குள் கடிதத்தைக் கொடுங்கள், விலகும் நாளாக மே 31-ஐக் குறியுங்கள். முழுதாக மூன்று மாதம். முடிவு மே நடுவில் வருகிறது என்றால், இடம் கிடைக்காத பட்சத்தில் திரும்பப் பெற உங்களுக்குப் பதினைந்து நாள் மிச்சம் இருக்கும். இதற்கு ஓர் எல்லை உண்டு. உங்களுடையது தனியார் பள்ளி, ஒப்பந்தத்தில் ‘ஏற்கப்பட்ட ராஜினாமா திரும்பப் பெறத்தக்கதல்ல’ போன்ற வரி இருக்கலாம். அதை முதலில் தேடிப் பாருங்கள். வரி இல்லாவிட்டாலும், மே முதல் வாரத்திலேயே வேறு இயற்பியல் ஆசிரியரை நியமித்துவிட்டால் சட்டம் உங்கள் பக்கம் இருந்தும் ஆசிரியர் அறையில் உங்கள் நாற்காலி இருக்காது. இடம் கிடைக்காவிட்டால் இதே பள்ளியில் தொடர வேண்டும் என்ற நிலையில் இருந்தால், முடிவு வரும்வரை காத்திருந்து, குறைகிற நாட்களுக்கான சம்பளத்தை ஈடாகக் கட்டிவிட்டுப் போவது மேல். ஒப்பந்தத்தில் அதற்கு வழி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஏப்ரல் 30 போட்டால் கோடை விடுமுறைச் சம்பளம் போய்விடும் என்று உங்கள் தோழி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பல பள்ளிகளில் அதுதான் நடக்கிறது. அதற்காக ஜூன் 30 என்று போடவும் வேண்டாம். பிளஸ் டூ பிள்ளைகள் புதுப் புத்தகத்தில் மின்னூட்டத்தைப் பாதி உங்களிடமும் மீதியை வேறொருவரிடமும் படிப்பார்கள். மே 31 போட்டால் பள்ளி திறக்கும் முதல் நாளே புது ஆசிரியர் வகுப்புக்குள் வரலாம்.

காரணத்தைச் சொல்லவேண்டுமா என்று கேட்கிறீர்கள். ‘சொந்தக் காரணங்களால்’ என்றே எழுதலாம், சட்டப்படி குறை இல்லை. ஆனால் நீங்கள் சினிமா படிக்கப் போவது எப்படியும் ஊருக்குத் தெரியப்போகிறது. கடிதத்தில் மறைத்தால் பிறகு அனுபவச் சான்றிதழுக்குப் போய் நிற்கும்போது சங்கடம். ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். திண்டுக்கல் பக்கம் மத்திய அரசு வேலையில் இருந்த, பின்னாளில் மலையாளத் திரைப்பட இயக்குநரான அடூர் கோபாலகிருஷ்ணன் 1962-ல் அதை விட்டுவிட்டுப் புனே திரைப்படக் கல்லூரிக்குப் போனார். இன்னொரு மலையாள இயக்குநரான ஜான் ஆபிரகாம் ஆயுள் காப்பீட்டு நிறுவன வேலையை விட்டுவிட்டு அங்கே போனார். அவர்களுடைய ராஜினாமாக் கடிதங்களை யாரும் பாதுகாத்து வைத்திருப்பதாகத் தெரியவில்லை, படங்கள்தான் இருக்கின்றன.

இப்போது என்னைத் தூக்கிவாரிப்போட்ட வரிக்கு வருகிறேன். மூன்றாம் பக்கத்தில், ‘பணத்துக்காக நான் இங்கே இருந்ததில்லை, பள்ளியிடமிருந்து எதையும் எதிர்பார்க்கவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். கவிதையில் இருக்கலாம். கையெழுத்துப் போட்ட காகிதத்தில் இருக்கக்கூடாது. ‘அவங்களே வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டாங்க’ என்ற பேச்சுக்கு நீங்களே அடி எடுத்துக் கொடுக்கிறீர்கள்.

உங்களுக்கு வரவேண்டியது இருக்கிறது. தனியார் பள்ளி ஆசிரியர்களில் பலருக்குத் தங்களுக்குப் பணிக்கொடை உண்டு என்பதே தெரியாது. ஆசிரியர்கள் பணிக்கொடைச் சட்டத்தின் கீழ் வரமாட்டார்கள் என்று 2004-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. அதற்காகவே 2009-ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் முன்தேதியிட்டு ஆசிரியர்களைச் சேர்த்தது. தனியார் பள்ளிகள் எதிர்த்து வழக்குப் போட்டு 2022-ல் தோற்றன. ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை செய்திருந்தால் போதும், தானாக விலகினாலும் உண்டு. கடைசி மாதச் சம்பளத்தை 26 ஆல் வகுத்து 15 ஆல் பெருக்கினால் ஓராண்டுக்கான தொகை. நீங்கள் சொன்ன அடிப்படைச் சம்பளம் 24,000 என்றால் ஓராண்டுக்கு 13,846 ரூபாய், ஏழு ஆண்டுக்குச் சுமார் 96,900. சென்னையில் ஓர் ஆண்டு விடுதி வாடகையில் பெரும்பகுதி அதில் அடங்கும். ராஜினாமாக் கடிதத்தில் இந்தக் கணக்கைப் போட்டுச் சண்டைக்கு இழுக்கவேண்டாம், ‘சேரவேண்டிய தொகைகள்’ என்று ஒரு சொல் போதும். விலகிய பிறகு பணிக்கொடைக்குத் தனியாக எழுத்தில் விண்ணப்பியுங்கள்.

அடுத்தது சான்றிதழ்கள். டிப்ளமோ சேர்க்கையில் பட்டச் சான்றிதழின் அசலைக் கேட்பார்கள், நகலைக் காட்டிச் சமாளிக்க முடியாது. பள்ளியோ ‘கணக்கு முடித்த பிறகு’ என்று இழுக்கும். உங்கள் கடிதத்தில் இதைப்பற்றி ஒரு சொல்கூட இல்லை. கொடுத்த அசல்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதுங்கள். ‘எனது சான்றிதழ்கள்’ என்று மொத்தமாக எழுதினால் பி.எட். மட்டும் பீரோவில் தங்கிவிடும்.

சரி, நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

அனுப்புநர்: (பெயர், பதவி, பள்ளி)
பெறுநர்: தாளாளர் அவர்கள்
வழி: முதல்வர் அவர்கள்
பொருள்: பணி விலகல் தொடர்பாக

ஐயா,

வணக்கம். நான் 2019 ஜூன் முதல் நம் பள்ளியில் முதுகலை இயற்பியல் ஆசிரியராகப் பணிபுரிந்து வருகிறேன். திரைப்பட இயக்கத்தில் டிப்ளமோ படிக்க இருப்பதால் 31.05.2026 பிற்பகல் முதல் பணியிலிருந்து விலக விரும்புகிறேன். ஒப்பந்தப்படி மூன்று மாத முன்னறிவிப்பாக இக்கடிதத்தை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதுவரை செய்முறைத் தேர்வு, பொதுத்தேர்வுப் பணிகள் உள்பட என் வேலைகளை முடித்து, ஆய்வகச் சாவி, இருப்புப் பதிவேடு, மதிப்பெண் பதிவேடுகளை ஒப்படைப்பேன். பணியில் சேர்ந்தபோது ஒப்படைத்த அசல் சான்றிதழ்கள் (பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, இளங்கலை, முதுகலை, பி.எட்.), பணிவிடுவிப்பு ஆணை, அனுபவச் சான்றிதழ், எனக்குச் சேரவேண்டிய தொகைகள் ஆகியவற்றை விலகும் நாளில் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இங்கே பணிபுரியக் கிடைத்த வாய்ப்புக்கு நன்றி.

இப்படிக்கு,
(கையொப்பம், தேதி)

இவ்வளவுதான். ‘விலக விரும்புகிறேன்’ என்பதை ‘விலகிவிட்டேன்’ என்று மாற்றிவிடாதீர்கள், திரும்பப் பெறும் வழி அந்த வினைச்சொல்லில்தான் தொங்குகிறது. இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். “வச்சுட்டுப் போங்க டீச்சர், சார் வந்ததும் பார்ப்பார்” என்றால் சிரித்துக்கொண்டே வெளியே வந்து, அன்றைக்கே விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஆய்வக இருப்பை ஒப்படைக்கும்போதும் ஆள் முன்னால் எண்ணிக் கையெழுத்து வாங்கவேண்டும். ஒரு கால்வனாமீட்டர் குறைகிறது என்று பணிவிடுவிப்பு ஆணையை இரண்டு மாதம் நிறுத்திவைத்த பள்ளியைப் பார்த்திருக்கிறேன். அது பழுதுபார்க்கப் போயிருந்தது.

உங்கள் நான்கு பக்கத்தைக் கிழித்துவிடாதீர்கள். மின்சாரம் போன மாலையில் ஆய்வக ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து, முப்பட்டகத்தைக் கையில் பிடித்து, முப்பது பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகளில் நிறமாலையை ஓடவிட்டதாக நாலாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்களே, அது தாளாளருக்கு எதற்கு? டிப்ளமோவில் பெரும்பாலும் முதலில் வசனமே இல்லாத சில நிமிடப் படம் ஒன்று எடுக்கச் சொல்வார்கள். அந்தப் பக்கத்தை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். சட்டைகளைக் கொஞ்சம் பழசாகக் காட்டுங்கள்.