மூவரா, நால்வரா: ஒரே ஆட்டத்துக்குள் தடுப்பு வரிசை ஏன் மாறுகிறது?

கேள்வி: கால்பந்தில் பேக் ஃபோர், பேக் த்ரீ இரண்டுக்கும் உண்மையில் என்ன வித்தியாசம்? ஆட்டம் நடக்கும்போதே கோச்கள் ஏன் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறார்கள்?

நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை. ஆனால் சில வருடங்கள் வார இறுதி அணி ஒன்றில் சென்டர் பேக்காக ஆடி, இந்த இரண்டு முறையிலும் அடி வாங்கியிருக்கிறேன். அதனால் பின்னால் நிற்பவனின் கண் வழியாகவே சொல்கிறேன்.

பெயரை வைத்துப் பார்த்தால் மூன்று பேர் நிற்பது துணிச்சல், நாலு பேர் நிற்பது பாதுகாப்பு என்று தோன்றும். நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. சர்வதேச மைதானத்தின் அகலம் பொதுவாக 68 மீட்டர். நாலு பேர் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு 17 மீட்டர், சமாளித்துவிடலாம். மூன்று பேர் என்றால் ஆளுக்கு 22 மீட்டருக்கு மேல். அதை ஓடி அடைப்பது நடக்காத காரியம். ஆகவே பந்து எதிரணியிடம் போனதும், ஓரங்களில் மேலும் கீழும் ஓடும் இரண்டு விங் பேக்குகளும் இறங்கி வந்து வரிசையை ஐந்தாக்குவார்கள். பந்து நம்மிடம் இருந்தால் மூன்று, இல்லாவிட்டால் ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? கூடுதல் ஆள் எந்த இடத்தில் நிற்கிறான் என்பதில்தான். மூவர் தடுப்பில் அவன் நடுவில், கோலுக்கு முன்னால் நிற்கிறான். எதிரணி இரண்டு ஸ்ட்ரைக்கர்களோடு வந்தால் இது கச்சிதம்: இருவர் பிடிக்க, ஒருவர் பின்னால் துடைத்துக்கொள்வார். அதற்கான விலையை ஓரத்திலும் மிட்ஃபீல்டிலும் கொடுக்க வேண்டும். நால்வர் தடுப்பில் ஓரத்துக்கு ஃபுல் பேக், அவருக்கு முன்னால் விங்கர் என இருவர் இருப்பார்கள். மூவர் தடுப்பில் அந்த நீளம் முழுவதையும் அநேகமாக விங் பேக் ஒருவரே ஓட வேண்டும்.

இந்த வரவு செலவு இரண்டுமே ஒரே ஆட்டத்தில் தெரிந்தது 2021 ஜூலை 11, வெம்ப்ளியில், யூரோ இறுதிப் போட்டியில். இங்கிலாந்து கோச் சவுத்கேட் 3-4-3 வைத்தார். வாக்கர், ஸ்டோன்ஸ், மக்வயர் பின்னால். டிரிப்பியரும் ஷாவும் விங் பேக்குகள். நடுவில் ரைஸ், பிலிப்ஸ். மான்சினியின் இத்தாலி வழக்கமான 4-3-3.

இரண்டு நிமிடம் முடிவதற்குள் கோல். கேன் முன்வரிசையை விட்டுக் கீழே இறங்கி வந்து பந்தை வாங்கி, வலது ஓரத்தில் டிரிப்பியருக்கு அனுப்பினார். டிரிப்பியர் நிதானமாகப் பார்த்து தூரக் கம்பத்துக்குக் கிராஸ் அடிக்க, அங்கே தனியாக ஓடி வந்த ஷா பந்து தரையில் பட்டு எழும்போதே அடித்தார். ஒரு விங் பேக்கின் கிராஸ், இன்னொரு விங் பேக்கின் கோல். பந்து ஒரு பக்கம் இருந்தால் நால்வர் வரிசை அந்தப் பக்கம் நெருங்கும், பெட்டிக்குள் வரும் ஆட்களைப் பிடிக்க உள்ளே குறுகும். அப்போது மறுகோடியில் ஓடி வரும் ஐந்தாவது ஆளுக்குக் கணக்கில் ஆளே இல்லை. மூவர் தடுப்பு வைக்கும் கோச்கள் ஏங்குவது இந்த ஒரு காட்சிக்காகத்தான்.

அப்புறம் ஆட்டம் மெல்லத் திரும்பியது. நடுவில் இத்தாலிக்கு ஜோர்ஜின்யோ, வெராட்டி, பரெல்லா என மூன்று பேர், இங்கிலாந்துக்கு இரண்டு. மூன்றாவது ஆள் எப்போதும் சும்மா நின்று பந்து வாங்கினார். இடைவேளைக்குப் பிறகு 55-வது நிமிடத்தை ஒட்டி மான்சினி இன்னொன்று செய்தார். ஸ்ட்ரைக்கர் இம்மொபிலேயை வெளியே எடுத்து, பெரார்டியை ஓரத்தில் இறக்கி, இன்சின்யேயை நடுவுக்குக் கொண்டுவந்தார். இன்சின்யே கோலருகே நிற்காமல் கீழே இறங்கி உலாவுகிறவர். விளைவு, மூன்று சென்டர் பேக்குகள் நிற்கிறார்கள், பிடிக்க ஆளில்லை. பின்தொடர்ந்து போனால் பின்னால் ஓட்டை விழும். போகாவிட்டால் நடுவில் மூன்றுக்கு இரண்டாக இருந்தது நாலுக்கு இரண்டாகிவிடும். எந்த சென்டர் பேக்குக்கும் இதைவிட எரிச்சலான நிலைமை கிடையாது. ஆள் எண்ணிக்கையில் நாம்தான் அதிகம், ஆனால் பந்து நம் கண் முன்னால் சுற்றிக்கொண்டே இருக்கும்.

67-வது நிமிடத்தில் ஒரு கார்னரைத் தொடர்ந்து பொனூச்சி சமன் செய்தார். கோல் கார்னரில் வந்ததுதான், அதற்கு மூவர் தடுப்பை நேரடியாகக் குறை சொல்ல முடியாது. ஆனால் அத்தனை நேரம் பெட்டியோரம் அடைந்து கிடந்தால் கார்னர்கள் வந்துகொண்டேதான் இருக்கும்.

மூன்று நிமிடம் கழித்து சவுத்கேட் மாறினார். டிரிப்பியர் வெளியே, சாக்கா உள்ளே. ஒரே ஒரு மாற்று ஆட்டக்காரர். ஆனால் அணியில் பாதிப் பேரின் வேலை மாறியது. இயல்பிலேயே ரைட் பேக்கான வாக்கர் தன் இடத்துக்கு நகர்ந்தார். ஷா லெஃப்ட் பேக் ஆனார். சாக்கா வலது விங்கர். முன்னால் இருந்த மவுண்ட் மிட்ஃபீல்டுக்கு இறங்கியதும் அங்கே மூன்றுக்கு மூன்று. மூவர் தடுப்பின் ஒரு முனையில் ஃபுல் பேக் ஆடக்கூடியவரைப் பல கோச்கள் வைப்பதற்குக் காரணம் இதுதான்: வாக்கர் மாதிரி ஒருவர் இருந்தால் மாற்றம் மலிவாக முடியும். மூன்று பேரும் உயரமான, மெதுவான ஸ்டாப்பர்களாக இருந்தால் அவர்களில் ஒருவரை வெளியே எடுத்தாக வேண்டும். அதற்கே ஒரு மாற்று செலவாகிவிடும்.

அதன் பிறகு இங்கிலாந்து ஓரளவு மூச்சு விட்டது, கோல் மட்டும் வரவில்லை. 1-1, பெனால்ட்டியில் இத்தாலி 3-2. என் கணக்கில் அந்த மாற்றம் பத்து நிமிடமாவது தாமதம். இம்மொபிலே வெளியே போன கணமே மூன்றாவது சென்டர் பேக்குக்கு வேலை முடிந்துவிட்டது. கோச் பக்கத்து நியாயமும் இருக்கிறது: இறுதிப் போட்டியில் முன்னிலையில் இருக்கும்போது பின்னாலிருந்து ஒருவரைக் குறைக்க யாருக்கும் கை வராது.

அதே சவுத்கேட் நான்கு நாள் முன்பு, டென்மார்க்குடன் அரையிறுதியில், எதிர்த்திசையில் போனார். நால்வரோடு தொடங்கி, கூடுதல் நேரத்தில் கேன் அடித்து 2-1 ஆனதும், மாற்றாக வந்திருந்த கிரீலிஷையே வெளியே எடுத்து டிரிப்பியரை இறக்கிப் பின்வரிசையை ஐந்தாக்கினார். கோல் தேவையில்லை, பெட்டிக்குள் கிராஸ் விழுந்தால் தட்டிவிட ஆள் வேண்டும். அப்போது அது சரியான கணக்கு. ஆக முறை நல்லதா கெட்டதா என்பதைவிட, எதிரணி முன்னால் எத்தனை பேரை நிறுத்துகிறது, ஸ்கோர் என்ன, எவ்வளவு நேரம் மிச்சம் என்பதைத்தான் கோச் பார்க்கிறார்.

ஆபத்து மாறும் அந்தச் சில நிமிடங்களில் இருக்கிறது. நாலிலிருந்து மூன்றுக்குப் போகும்போது, ஓரத்தில் எதிரணி ஃபுல் பேக் பந்தோடு வந்தால் யார் பாய்வது என்பதுதான் முதல் குழப்பம். விங் பேக் பாய்ந்தால் அவர் விட்ட இடத்தை அந்தப் பக்கத்து சென்டர் பேக் அடைக்க வேண்டும், மற்ற இருவரும் கூடவே நகர வேண்டும். ஒருமுறை எங்கள் கோச் ஓரத்திலிருந்து மூன்று விரல் காட்டினார். நான் மூவர் தடுப்பு என்று எடுத்துக்கொண்டு உள்ளே நகர்ந்தேன். எங்கள் லெஃப்ட் பேக் இன்னும் மூன்று நிமிடம்தான் பாக்கி என்று நினைத்து நின்ற இடத்திலேயே நின்றார். எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு லாரி போகும் இடைவெளி. அவர்கள் விங்கர் அது வழியாகப் போய் கோல் அடித்துவிட்டு வந்தார்.

டிவியில் பார்க்கும்போதும் அந்த இடத்தைத்தான் கவனியுங்கள், விங் பேக்குக்கும் ஓர சென்டர் பேக்குக்கும் நடுவே. எதிரணி அங்கேயே திரும்பத் திரும்பப் பந்தைப் போட ஆரம்பித்தால், பெஞ்சில் யாரோ ஒருவர் ஜாக்கெட்டைக் கழற்றப் போகிறார்.