பதிவில் கேட்கும் என் குரல் ஏன் வேறு யாருடையதோ போல் இருக்கிறது?

"எனக்கு 34 வயது, பள்ளி ஆசிரியை. பாடங்களை செல்போனில் பதிவு செய்து மாணவர்களுக்கு அனுப்புகிறேன். பதிவில் என் குரல் மெலிந்து, மூக்கால் பேசுவது போல் இருக்கிறது. சைனஸாக இருக்கும் என்று மூன்று வாரமாக மூக்கில் சொட்டு மருந்து விடுகிறேன். இதற்கிடையில் சளி பிடித்து, நான்கு நாளாக வலது காது அடைத்திருக்கிறது. பேசினால் என் குரல் அந்தக் காதுக்குள்ளேயே முழங்குகிறது. இணையத்தில் தேடினால் காது நரம்பில் கட்டி என்று வருகிறது. பயமாக இருக்கிறது டாக்டர்."

நீங்கள் எழுதியிருப்பதில் கட்டியைக் காட்டும் அடையாளம் ஒன்றுகூட இல்லை. காது நரம்பில் வரும் கட்டி அனேகமாக ஒரு பக்கக் காதின் கேட்கும் திறனைத்தான் குறைக்கும், அதுவும் பெரும்பாலும் மெதுவாக, மாதக்கணக்கில், வருடக்கணக்கில். அப்படிக் குறைந்தால் அந்தப் பக்கம் போனை வைத்தாலே எதிரில் பேசுபவரின் வார்த்தை புரியாமல் போகும், டிவி சத்தமும் வகுப்பில் பிள்ளைகள் பேசுவதும் தெளிவாகக் கேட்காது. மற்றதெல்லாம் நன்றாகக் கேட்டு, பதிவில் இருக்கும் உங்கள் குரல் மட்டும் அந்நியமாக ஒலிப்பது நரம்புக் கோளாறில் நடக்காது. இரவு பதினொரு மணிக்குத் தேடலில் நான்கு வார்த்தைகளைத் தட்டிவிட்டு, வருவதிலேயே பயங்கரமானதைத் தேர்ந்தெடுத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதை தயவுசெய்து நிறுத்துங்கள்.

பதிவில் குரல் மெலிவதும், அடைத்த காதுக்குள் குரல் முழங்குவதும் உங்களுக்கு இரண்டு நோய்களாகத் தெரிகின்றன. இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே விஷயம்தான், எலும்பு வழியாக வரும் ஒலி.

நீங்கள் பேசும்போது உங்கள் குரல் உங்களுக்கு இரண்டு பாதையில் வருகிறது. ஒன்று, வாயிலிருந்து வெளியே போய்க் காற்றின் வழியாகக் காதுக்குத் திரும்பி, செவிப்பறையைத் தட்டி உள்ளே போவது. மற்றவர்களுக்குக் கேட்பது இந்தக் காற்றுவழிக் குரல் மட்டும்தான். இரண்டாவது பாதை உடம்புக்குள்ளேயே இருக்கிறது. குரல் நாண்கள் அதிரும்போது தொண்டை, தாடை, மண்டையோடு எல்லாம் சேர்ந்து அதிர்கின்றன. கேட்கும் உறுப்பான காக்லியா காதுக்குப் பக்கத்து மண்டை எலும்புக்குள்தான் பதிந்திருக்கிறது, ஆகவே அந்த அதிர்வு செவிப்பறையைச் சுற்றிக்கொண்டு நேராக அதற்குள் இருக்கும் திரவத்தை ஆட்டிவிடுகிறது. போதாததற்குத் தாடையும் காதுக் குழாயின் சுவரும் அதிர்ந்து, குழாய்க்குள் இருக்கும் காற்றிலும் ஒலியை உண்டாக்குகின்றன. இந்த உள்பாதையில் தாழ்ந்த ஸ்வரங்கள் தாராளமாக வரும், கூர்மையான ஒலிகள் குறைவாகத்தான் வரும். குரலில் உங்களுக்குத் தெரியும் கனமும் கார்வையும் பெரும்பாலும் இந்தப் பாதையின் உபயம்.

இது ஏதோ சிறு கலப்படம் என்று நினைக்காதீர்கள். காக்லியா எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடித்ததற்காக 1961-ல் நோபல் பரிசு வாங்கிய பெகேஷி, 1949-லேயே இதை ஆராய்ந்து, ஒருவருக்குத் தன் குரல் காற்று வழியாகக் கேட்கும் அளவும் எலும்பு வழியாகக் கேட்கும் அளவும் ஏறக்குறைய சமம் என்று எழுதியிருக்கிறார். அதாவது நீங்கள் "என் குரல்" என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருப்பதில் பாதியளவு உங்களைத் தவிர வேறு யாருக்குமே கேட்டதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு, இதைப் பலர் சொல்வதில்லை. காற்றுவழிக் குரல்கூட உங்கள் காதுக்கு முழுதாக வருவதில்லை. கூர்மையான ஒலிகள் வாயிலிருந்து நேர் முன்னால் பாயும், தாழ்ந்த ஒலிகள் தலையைச் சுற்றி வளைந்து வரும். திருவிழாவில் ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பின்பக்கம் நின்றால் தவில் அடி கேட்கும், பாட்டின் வார்த்தை தெளியாது, அந்த நிலைமைதான் உங்கள் காதுக்கு. செல்போன் மைக்கோ உங்களுக்கு முன்னால் இருக்கிறது. ஆகவே ச, ஸ, ட போன்ற ஒலிகளின் கூர்மை பதிவில் முழுதாக ஏறுகிறது, எலும்பு தரும் கனம் ஏறவே இல்லை. போதாக்குறைக்குக் கேட்கிற செல்போனின் குட்டி ஸ்பீக்கரால் தாழ்ந்த ஒலியைச் சரியாக எழுப்பவும் முடியாது. சுருதி மாறவில்லை, நன்றாகக் கவனித்தால் தெரியும், அடிப்பாகம் குறைந்ததால் குரல் மெலிந்தது போல் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

"மூக்கால் பேசுவது போல்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை ஒரு நிமிடத்தில் தீர்த்துவிடலாம். மூக்கை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு "அப்பா கடைக்குப் போ" என்று சொல்லுங்கள். அதில் மூக்கொலி ஒன்றும் இல்லை, ஆகவே பிடித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும். பிடித்ததும் மாறினால்தான் பேசும்போது காற்று மூக்கில் கசிகிறது என்று அர்த்தம். அடுத்து மூக்கை விட்டுவிட்டு "மாமா" என்று சொல்லுங்கள். மூக்கு உண்மையிலேயே அடைத்திருந்தால் அது "பாபா" மாதிரி விழும். மாமா மாமாவாகவே கேட்டால் உங்கள் குரலுக்கு சைனஸ் மேல் பழி போட வேண்டாம்.

இனி அடைத்த காதுக்கு வருவோம், இங்கேதான் உங்கள் கவனம் வேண்டும். இரண்டு காதையும் விரலால் மூடிக்கொண்டு "ஆ" என்று சொல்லுங்கள், பிறகு "ஈ" என்று சொல்லுங்கள். குரல் தலைக்குள் முழங்கும், அதிலும் "ஈ" ரொம்பவே முழங்கும், ஏனென்றால் வாய் குறுகும்போது வெளியே போகாத அதிர்வு உள்ளே அதிகமாகிறது. சாதாரணமாக, எலும்பு அதிர்வால் காதுக் குழாயில் எழும் தாழ்ந்த ஒலி வாசல் வழியாக வெளியே ஓடிவிடும். வாசலை அடைத்தால் அது அங்கேயே சிக்கிச் செவிப்பறையை அடிக்கும். இந்த ஏற்றம் தாழ்ந்த ஸ்வரங்களில் 20 டெசிபெல் வரைகூடப் போகும். விரல் செய்கிற இந்த வேலையைக் காதில் சேர்ந்த குறும்பியும் செய்யும். சளிக்குப் பிறகு செவிப்பறைக்குப் பின்னால் தேங்கும் நீரிலும், வழி சற்று வேறானாலும், கடைசியில் குரல் அந்தக் காதில்தான் தூக்கலாகக் கேட்கும்.

சரி, காது அடைத்த எல்லோருக்கும் அது குறும்பியோ சளியோதானா? இல்லை. இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். அமைதியான அறையில் உட்கார்ந்து, உதட்டை மூடி, தாழ்ந்த குரலில் "ம்ம்ம்" என்று நீட்டுங்கள். எந்தக் காதில் அது பலமாகக் கேட்கிறது என்று பாருங்கள். அடைத்த காதிலேயே பலமாகக் கேட்டால், ஒலி உள்ளே போகும் வழியில் தடை இருக்கிறது, நரம்பு வேலை செய்கிறது. நன்றாக இருக்கும் காதுப் பக்கம் அது ஓடிப்போனால், அடைத்தது போல் தோன்றும் காதின் காக்லியாவோ நரம்போ கேட்கவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். நாங்கள் இசைக்கவையை நெற்றி நடுவில் வைத்துப் பார்க்கும் வெபர் சோதனையின் வீட்டு வடிவம்தான் இது. இது கேட்கும் திறனை அளக்காது, பக்கத்தை மட்டும்தான் சொல்லும். நடுவில் கேட்கிறது, புரியவில்லை என்றால் அதை நம்பி இருந்துவிடக் கூடாது.

ஒரு காது திடீரென்று, சில மணி நேரத்திலோ இரண்டு மூன்று நாளிலோ மந்தமாகி, "ம்ம்ம்" நல்ல காதுப் பக்கம் போனால், அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். வலி இருக்காது, சீழ் இருக்காது, அதனால்தான் ஆட்கள் ஏமாந்துபோகிறார்கள். கூடவே இரைச்சலோ தலைச்சுற்றலோ இருந்தால் இன்னும் சந்தேகம் வலுக்கிறது. ஸ்டீராய்டு மருந்தை முதல் இரண்டு வாரத்துக்குள், முடிந்தால் முதல் சில நாளிலேயே தொடங்கினால்தான் கேட்கும் திறன் திரும்ப நல்ல வாய்ப்பு.

ஜவுளிக்கடையில் கணக்குப் பார்க்கும் ஒருவர், நாற்பதுகளில் இருப்பவர், காலையில் எழுந்தபோது இடது காது பஞ்சு வைத்தது போல் இருந்திருக்கிறது. முதல் நாள் தலைக்குக் குளித்ததால் தண்ணீர் போயிருக்கும் என்று நினைத்து, மருந்துக்கடையில் கேட்டுக் குறும்பி கரைக்கும் சொட்டு மருந்து வாங்கி விட்டிருக்கிறார். கேட்கவில்லை என்றதும் வேறொரு சொட்டு மருந்து, அப்புறம் வீட்டில் காய்ச்சிய எண்ணெய். போனை வலது காதுக்கு மாற்றிக்கொண்டு கடைக்குப் போய்க்கொண்டிருந்தவர், மூன்றாவது வாரத்தில்தான் என்னிடம் வந்தார். காதுக்குள் பார்த்தால் குறும்பி ஒரு துளி இல்லை, செவிப்பறை பளிச்சென்று இருக்கிறது. "ம்ம்ம்" சொல்லச் சொன்னேன், வலது காதைக் காட்டினார். நெற்றியில் வைத்த இசைக்கவையும் வலது பக்கமே போயிற்று. கேட்கும் சோதனையில் இடது பக்கம் பாதிக்கு மேல் போயிருந்தது. சர்க்கரை அளவைச் சரிபார்த்துக்கொண்டு ஸ்டீராய்டு கொடுத்தோம், செவிப்பறை வழியாக ஊசியும் போட்டோம், எம்.ஆர்.ஐ. எடுத்துக் கட்டி இல்லை என்றும் உறுதி செய்தோம். கொஞ்சம் திரும்பியது. இடது காதில் போன் பேசினால் இன்றும் அவருக்கு வார்த்தை பிரிவதில்லை. முதல் நாளே அந்த "ம்ம்ம்" சோதனையைச் செய்து வந்திருந்தால் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

உங்கள் விஷயத்தில், பேசினால் அடைத்த காதுக்குள்ளேயே முழங்குகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், சளிக்குப் பிறகு வந்தது என்றும் எழுதிவிட்டீர்கள். இது நடுச்செவியில் நீர் தேங்கியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம், பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தானாக வடியும். காதில் எண்ணெய், பட்ஸ், எதுவும் வேண்டாம். மூன்று வாரம் தாண்டியும் அடைப்பு அதே காதில் நின்றால் நேரில் போங்கள், மூக்கின் பின்பகுதியையும் குழாய் விட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

மூக்கடைப்பைச் சட்டென்று திறக்கும் சொட்டு மருந்தாக இருந்தால் அதை மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள் விடலாம். நீங்கள் மூன்று வாரம் விட்டிருக்கிறீர்கள். இவ்வளவு நாள் விட்டால் மருந்தின் வேகம் இறங்கியதும் மூக்குச் சதை முன்பைவிட வீங்கும், உடனே மறுபடி மருந்து கேட்கும். இன்றே நிறுத்துங்கள். சில நாள் மூக்கு அடைக்கும், அப்போது உப்புநீரால் மூக்கைக் கழுவலாம், தாங்க முடியாவிட்டால் மருத்துவரிடம் வேறு ஸ்பிரே எழுதி வாங்குங்கள், கடைக்காரரிடம் கேட்டு வாங்காதீர்கள்.