கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு: கண் வார்டு சிஸ்டரிடம் கேட்டவை

கண் மருத்துவமனை வார்டில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற சிஸ்டர் பதில் சொல்கிறார். உங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு இதிலிருந்து மாறுபட்டால், சீட்டில் உள்ளபடியே செய்யுங்கள் என்பது அவர் முதலில் சொன்ன நிபந்தனை.

தேனியிலிருந்து ஒரு மகள்: அம்மாவுக்குத் திங்கட்கிழமை ஆபரேஷன் ஆனது. சர்க்கரை உண்டு. மாக்ஸிஃப்ளாக்ஸசின் 4 வேளை, நெபாஃபெனாக் 3 வேளை, பிரெட்னிசலோன் 6 வேளை, அப்புறம் வாரம் ஒன்று குறைக்கவும் என்று எழுதியிருக்கிறார்கள். சீட்டைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது சிஸ்டர்.

ஆறு வேளை மருந்தை முதலில் நேரத்தில் பொருத்திவிடுங்கள். காலை 7, 10, பகல் 1, மாலை 4, இரவு 7, 10. இது பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டுக்கு. மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் காலை 7, பகல் 1, இரவு 7, இரவு 10 மணிகளோடு சேர்த்துக்கொள்ளுங்கள். நெபாஃபெனாக் காலை 10, மாலை 4, இரவு 10. இப்படிப் போட்டால் இரவு 10 மணிக்கு மட்டும்தான் மூன்றும் சேர்ந்து வரும்.

ஒரு மருந்துக்கும் அடுத்ததற்கும் 5 நிமிடம் விடவேண்டும். கண்ணுக்குள் ஒரு சொட்டு தங்கவே இடம் போதாது. உடனே அடுத்ததைப் போட்டால் முதலில் போட்டதையும் கழுவிக்கொண்டு கன்னத்தில் வழிந்துவிடும். தண்ணீர்போலத் தெளிவாக இருக்கும் மாக்ஸிஃப்ளாக்ஸசின் முதலில், கலங்கலான மற்ற இரண்டும் பிறகு. அந்த இரண்டையும் நன்றாகக் குலுக்கித்தான் போடவேண்டும். இதை வீட்டில் யாரும் செய்வதில்லை! குலுக்காவிட்டால் மருந்து அடியில் தங்கிவிடும், கண்ணுக்குப் போவது வெறும் நீர்தான்.

அடுத்த திங்கட்கிழமை முதல் பிரெட்னிசலோன் மட்டும் 5 வேளை, அதற்கடுத்த வாரம் 4, இப்படியே இறங்கி ஆறாவது வாரம் ஒரு வேளையோடு முடியும். மாக்ஸிஃப்ளாக்ஸசினைக் குறைத்துக்கொண்டே வரக்கூடாது. எத்தனை நாள் எழுதியிருக்கிறதோ அத்தனை நாளும் 4 வேளை, பிறகு ஒரேயடியாக நிறுத்தம். நெபாஃபெனாக்கை அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் கூடுதல் நாள் எழுதியிருப்பார்கள். சர்க்கரைக்காரர்களுக்கு நாலு, ஆறு வாரம் கழித்து விழித்திரையின் நடுவில் நீர் கோத்துப் பார்வை மங்குவது உண்டு. அதைத் தடுக்கத்தான் அது. கண் நன்றாக இருக்கிறதே என்று நடுவில் விட்டுவிடாதீர்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், விருத்தாசலம்: ஆன்டிபயாட்டிக் கோர்ஸை முழுதாக முடிக்கவேண்டும் என்பது தெரியும், முடித்தேன். ஆனால் ஸ்டீராய்டு கண் பிரஷரை ஏற்றும் என்று படித்தேன். பத்தாம் நாள் கண் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டதால் நிறுத்திவிட்டேன். சரிதானே?

பாதி சரி ஐயா. சிலருக்கு ஸ்டீராய்டு பிரஷரை ஏற்றும் என்பது உண்மை. குளுக்கோமா உள்ளவர்களுக்கும், வீட்டில் யாருக்காவது அது இருப்பவர்களுக்கும் அதிகம். மறுபரிசோதனையில் பிரஷர் பார்ப்பது அதற்காகத்தான். ஆனால் வெளியே வெள்ளையாகத் தெரிவது உள்ளே அழற்சி இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. டாக்டர் ஸ்லிட் லாம்ப் என்ற கண் நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உள்ளே செல்கள் மிதக்கின்றனவா என்று தெரியும். பாதியில் நிறுத்தியவர்களுக்குச் சில நாட்களில் கண் சிவந்து, வெளிச்சம் பட்டாலே கூசி, வலியோடு திரும்பி வருவதை வார்டில் வழக்கமாகப் பார்ப்போம். நீங்களாக மறுபடி ஆரம்பிக்கவும் வேண்டாம். போன் செய்து நிறுத்தின தேதியைச் சொல்லுங்கள், எத்தனை வேளையிலிருந்து தொடங்குவது என்று அவர்கள் சொல்வார்கள்.

தனியாக இருக்கும் பாட்டி, காரைக்குடி (பேத்தி எழுதியது): கை நடுங்குகிறது. பாட்டில் நுனி இமையில் பட்டுவிடுகிறது.

படுத்துக்கொண்டு போடச் சொல்லுங்கள். கை கழுவிவிட்டு, கீழ் இமையை ஒரு விரலால் மெல்ல இழுத்தால் ஒரு பை மாதிரித் திறக்கும். பாட்டில் பிடித்த கையை நெற்றியில் ஊன்றிக்கொண்டால் நடுக்கம் அடங்கும். ஒரு சொட்டு விழுந்ததும் கண்ணை மூடி, மூக்கோரம் உள்ள மூலையை விரலால் ஒரு நிமிடம் லேசாக அழுத்தட்டும், கண்ணையே அழுத்தக்கூடாது. நுனி கண்ணில் நன்றாகப் பட்டுவிட்டது என்றால் புது பாட்டில் வாங்குவதே நல்லது.

கீழக்கரை வாசகர்: வாப்பாவுக்கு ஆபரேஷன் ஆகி மூன்று நாள். தொழுகையில் சுஜூது செய்யலாமா? தலைக்கு எப்போது குளிக்கலாம்? பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு வாரம் என்றார்கள், வாப்பாவுக்கு ஒரு மாதம் என்கிறார்கள்.

ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி இது மாறும். எந்த முறையில் செய்தார்கள் என்பதும் ஒரு காரணம். லென்ஸை அல்ட்ராசவுண்டால் உடைத்து உறிஞ்சும் பேக்கோ முறை என்றால் வெட்டு 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. கையால் லென்ஸை எடுக்கும் சிறுதுளை முறை என்றால் 6, 7 மில்லிமீட்டர் வரை போகும். இரண்டிலும் பெரும்பாலும் தையல் கிடையாது, கண்ணின் உள்ளழுத்தமே வெட்டை மூடி வைத்திருக்கும். அதனால் பெரிய வெட்டுக்காரர் கூடுதல் நாள் பொறுக்கவேண்டியது நியாயம். வாப்பா முதல் இரண்டு வாரம் நாற்காலியில் உட்கார்ந்து சைகையால் தொழட்டும். தலை தாழ்ந்தால் கண்ணில் அழுத்தம் ஏறும். குடம் தூக்குவது, மலச்சிக்கலோடு முக்குவது, விடாத இருமல் எல்லாம் அதே கணக்குதான். இருமல் இருந்தால் முதலில் அதற்கு மருந்து கேளுங்கள்.

குளியலில் குனிவதைவிடத் தண்ணீரும் தேய்ப்பும்தான் எனக்குப் பயம். கழுத்துக்குக் கீழே முதல் நாளிலிருந்தே குளிக்கலாம், முகத்தைக் கண்ணை விட்டு ஈரத்துணியால் துடைக்கலாம். தலைக்கு ஊற்றும் நாள் வந்ததும், முடிவெட்டும் கடையில் செய்வதுபோலத் தலையைப் பின்னால் சாய்த்து வேறொருவர் ஊற்றட்டும். சீயக்காய் கண்ணில் பட்டால் கை தானாகவே தேய்க்கப் போய்விடும். குளம், கிணறு, கடல் ஒரு மாதத்துக்கு வேண்டாம். தூங்கும்போது கை படாமலிருக்க ஒரு வாரமாவது இரவில் ஷீல்டு ஒட்டிக்கொள்ளட்டும்.

சேலம் வாசகி: கத்தரிக்காய், கருவாடு, தயிர் எல்லாம் நிறுத்தச் சொல்கிறார் மாமியார். டிவி?

சாப்பாட்டில் பத்தியம் ஒன்றும் கிடையாது. டிவி பார்க்கலாம். தாளிக்கிற புகையும் விறகடுப்பும் மட்டும் சில வாரம் வேண்டாம்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு மகன்: அப்பாவுக்கு ஆபரேஷன் ஆகி இன்று ஐந்தாம் நாள். மறுநாள் கட்டுப் பிரித்தபோது காலண்டர் தேதி வரை படித்தார். நேற்று மாலையிலிருந்து புகைமூட்டமாக இருக்கிறது என்கிறார். சிவப்பு கொஞ்சம் கூடியிருக்கிறது. வலி இல்லை. திங்கட்கிழமைதான் அவர்கள் வரச் சொன்ன நாள். காத்திருக்கலாமா?

வேண்டாம் தம்பி, இதைப் படித்ததும் கிளம்புங்கள்.

உறுத்தல், நீர் வடிதல், லேசான சிவப்பு, வெளிச்சம் கூசுவது, எல்லாம் நீலமாகத் தெரிவது இவையெல்லாம் முதல் வாரத்தில் வருபவைதான். ஆனால் இவை நாளுக்கு நாள் குறையும், அதிகமாகாது. கண்ணுக்குள் தொற்று என்றால் போக்கு தலைகீழாக இருக்கும். தெரிந்த பார்வை மங்கும், குறைந்த சிவப்பு கூடும், இமை வீங்கலாம், பீளை வரலாம். டார்ச் அடித்தால் கருவிழியின் கீழ்ப்பக்கம் வெள்ளையாக ஒரு படிவு தெரிந்தால் அது சீழ், ஒரு நிமிடம்கூடத் தள்ளக்கூடாது. அது தெரியவில்லை என்று நிம்மதியாகவும் இருக்கமுடியாது.

வலி இல்லை என்பதை வைத்து ஏமாறாதீர்கள். 1995ல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வில், கண்ணுக்குள் தொற்று வந்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வலியே இருக்கவில்லை. பார்வை மங்கியதோ பத்தில் ஒன்பது பேருக்கும் மேல். அதனால் நான் வலியைவிடப் பார்வையைத்தான் கேட்பேன். இது அரிதானதுதான். அரவிந்த் கண் மருத்துவமனைகளில் நடந்த 6 லட்சம் ஆபரேஷன்களைப் பார்த்து 2017ல் வெளியிட்ட கணக்கில், ஆபரேஷன் முடிவில் கண்ணுக்குள் மாக்ஸிஃப்ளாக்ஸசின் செலுத்தாதபோது 10,000 பேரில் 7 பேருக்கு வந்தது, செலுத்தியபோது 2 பேருக்கு. அரிதென்றாலும், வந்துவிட்டால் பார்வை மணிக்கணக்கில் போகும். கண்ணுக்குள்ளிருந்து துளி நீர் எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவு வரும் வரை காத்திராமல் கண்ணுக்குள்ளேயே ஆன்டிபயாட்டிக் ஊசி போடுவார்கள். சொட்டு மருந்தைக் கூட்டிப் போட்டு வீட்டிலேயே சமாளிக்க முடியாது.

அப்பாவுக்கு வந்திருப்பது தொற்று இல்லாத வெறும் அழற்சியாகவும் இருக்கலாம், பிரஷராகவும் இருக்கலாம். பரிசோதிக்காமல் யாரும் சொல்ல முடியாது.

இன்னொரு வாசகர்: இவ்வளவு பயமுறுத்த வேண்டுமா? எனக்கும் கண் சிவந்து பீளை வந்தது. மெடிக்கலில் சொட்டு வாங்கிப் போட்டேன், நாலு நாளில் சரியாகிவிட்டது.

உங்களுக்கு ஆபரேஷன் ஆகியிருந்ததா?

அதே வாசகர்: இல்லை. வீட்டில் எல்லோருக்கும் வந்தது.

அப்படியானால் அது மெட்ராஸ் ஐயாக இருக்கும். அது கண்ணின் மேலே வருவது. நாம் பேசுவது கண்ணுக்கு உள்ளே. ஆனால் ஒன்று, ஆபரேஷன் ஆனவர் இருக்கும் வீட்டில் யாருக்காவது மெட்ராஸ் ஐ இருந்தால் துண்டு, தலையணை, சொட்டு பாட்டில் எதுவும் கலக்கக்கூடாது. மெட்ராஸ் ஐ வந்தவர் கையால் மருந்தும் போடக்கூடாது.

மன்னார்குடி வாசகி: கண் உறுத்தலுக்கு நந்தியாவட்டைப் பூ ஒத்தலாமா? தாய்ப்பால் விடச் சொல்கிறார்கள்.

இரண்டும் வேண்டாம். பூவில் மண்ணும் பூஞ்சையும் இருக்கும், தாய்ப்பால் கிருமிக்கு நல்ல தீனி. விளக்கெண்ணெய், பன்னீர், கண்மை எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். பீளையைத் துடைக்கவேண்டும் என்றால் பஞ்சைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறியதும் பிழிந்து, மூடிய இமைமேல் மூக்குப் பக்கத்திலிருந்து வெளியே ஒரு முறை துடைத்துவிட்டு அந்தப் பஞ்சை எறிந்துவிடுங்கள்.

திருநெல்வேலி மகன், மறுநாள்: ராத்திரியே போனோம் சிஸ்டர். நீர் எடுத்து ஊசி போட்டார்கள். கல்ச்சர் ரிசல்ட் இன்னும் வரவில்லை. முகத்துக்கு நேரே விரல்களை எண்ணுகிறார், அவ்வளவுதான். இனி என்ன ஆகும்?

இப்போதே சொல்லிவிட முடியாது தம்பி. விரலை எண்ணுமளவு பார்வை இருப்பது, வெளிச்சம் மட்டும் தெரிவதைவிட நல்ல நிலை. ஒன்றிரண்டு நாளில் தெளிவு தெரியாவிட்டால் மறுபடி ஊசியோ, உள்ளே உள்ள கூழை எடுக்கும் ஆபரேஷனோ தேவைப்படலாம். அவர் சொல்வதை நம்பி மட்டும் இருக்காமல், காலையும் மாலையும் அதே இடத்தில் அதே வெளிச்சத்தில் உட்காரவைத்து எத்தனை அடி தூரத்தில் விரலை எண்ணுகிறார் என்று தேதியோடு எழுதி வையுங்கள். வார்டில் ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள். வீட்டில் திறந்து வைத்திருந்த பழைய பாட்டில்களை எறியாமல் கொண்டுபோய்க் கொடுங்கள். சர்க்கரை இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை, இருந்தால் அதையும் இன்றே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.