செட்டிநாட்டு உணவு வாரம்: ஆடியில் வையுங்கள், கணக்கைக் கூடுதல் தலையில் போடுங்கள்

கேள்வி: கோவையில் 90 இருக்கை உள்ள ஹோட்டல் உணவகம், இரவில் பஃபே. ஒரு வாரம் செட்டிநாட்டு உணவுத் திருவிழா நடத்தச் சொல்கிறது நிர்வாகம். செலவு, ஆட்கள், விளம்பரம், எதிலிருந்து ஆரம்பிப்பது?

பதில்:

முதலில் தேதி. அதைச் சரியாகப் பிடித்தால் ஆள் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும். காரைக்குடிப் பக்கத்துக் கல்யாணச் சமையல்காரர்கள் முகூர்த்த மாதங்களில் கிடைக்கமாட்டார்கள். கிடைத்தாலும் சம்பளம் கட்டுப்படியாகாது. ஆடியில் முகூர்த்தம் இல்லை என்பதால் அவர்களும் சும்மா இருப்பார்கள், உங்கள் பாங்க்வெட் ஹாலும் காலியாகக் கிடக்கும், அந்தச் சர்வர்களை இங்கே இழுத்துக்கொள்ளலாம். புரட்டாசி வேண்டவே வேண்டாம். பாதி ஊர் அசைவத்தைத் தொடாது. கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் வீட்டோடு வரமாட்டார்கள். ஆடியிலும் வெள்ளிக்கிழமை பல வீடுகளில் அசைவம் கிடையாது. அதனால் சனிக்கிழமை தொடங்கி அடுத்த ஞாயிறு முடியுங்கள். ஒன்பது இரவுகள், இரண்டு வார இறுதிகள். முதல் வார இறுதியில் சாப்பிட்டவர் வீட்டில் போய்ச் சொல்வதுதான் இரண்டாவது வார இறுதியை நிரப்பும். நடுவில் வரும் வெள்ளிக்கு வெண்டைக்காய் மண்டி, கும்மாயம், வெள்ளைப் பணியாரம் என்று சைவத்தைத் தூக்கிப் பிடியுங்கள்.

இப்போது கணக்கு. திருவிழாவின் மொத்த விற்பனையைக் காட்டி "ஒன்பது லட்சம் பண்ணினோம்" என்று மீட்டிங்கில் சொல்வதை நிறைய பார்த்திருக்கிறேன். அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. திருவிழா இல்லாவிட்டாலும் அதில் ஒரு பகுதி வந்திருக்கும். பார்க்க வேண்டியது கூடுதலாக வந்த தலைக்கு மிஞ்சியது எவ்வளவு என்பதைத்தான்.

உங்கள் அளவு ஹோட்டலுக்கு ஒரு மாதிரி போட்டுக் காட்டுகிறேன், எண்களை உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள். வழக்கமான ஒன்பது இரவில் 440 கவர், தலைக்கு 900 ரூபாய், ஃபுட் காஸ்ட் 30 சதவீதம் என்றால் தலைக்கு 630 மிஞ்சும், மொத்தம் 2,77,200. திருவிழாவில் விலை 1,200, தட்டுச் செலவு 420, எதிர்பார்ப்பு 760 கவர். தலைக்கு 780, மொத்தம் 5,92,800. வித்தியாசம் 3,15,600. இதிலிருந்துதான் திருவிழாவுக்கென்றே செய்யும் செலவைக் கழிக்க வேண்டும்: வெளியூர்ச் சமையல் குழு (மூன்று பேர், போக்குவரத்தோடு) ஒரு லட்சம், விளம்பரமும் ருசி பார்க்கும் விருந்தும் 60,000, அலங்காரம், வாடகைப் பாத்திரம் 40,000, கேஷுவல் ஆட்கள், கேஸ் 30,000. ஆக 2,30,000. கையில் நிற்பது 85,600.

அந்த 85,600-ஐ 780-ஆல் வகுத்துப் பாருங்கள்: சுமார் 110. அதாவது 760-க்குப் பதில் 650 பேர் வந்தாலே லாபம் பூஜ்யம். ஓர் இரவுக்குச் சராசரி 84 என்பது 72 ஆனால் போதும், எல்லாம் சும்மா உழைப்பு. அதனால் விழாவை ஒத்துக்கொள்ளும் முன்பே இந்த 72-ஐ நிர்வாகத்திடம் சொல்லிவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. அறை வாடகை நாளொன்றுக்கு 7,500 ரூபாயைத் தாண்டாத ஹோட்டலென்றால் உணவகத்துக்கு 5 சதவீத ஜிஎஸ்டி, உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே விளம்பர ஏஜென்சி பில்லில் வரும் 18 சதவீதமும் உங்கள் செலவுதான். மேலே சொன்ன தொகைகளை வரியோடு போடுங்கள். இன்னொன்று, அறை வாடகையிலேயே இரவுச் சாப்பாடும் அடங்கிய விருந்தினரைப் புது கவராக எண்ணாதீர்கள்.

420 ரூபாய் தட்டுச் செலவு கைமீறுவது பெரும்பாலும் மட்டனில்தான். உப்புக்கறிக்கு எலும்பில்லாத கறியைச் சுண்ட வைத்தால் ஒரு கிலோவில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் மிஞ்சும். ஒருவருக்கு 60 கிராம் வெந்த கறி போக வேண்டுமென்றால் பச்சையாக 110 கிராம் வேண்டும். கிலோ ஆயிரம் ரூபாய் என்றால் 110 ரூபாய், தட்டுச் செலவில் கால் பங்கு. அதை ஷேஃபிங் டிஷ்ஷில் போட்டுத் திறந்துவிட்டால் நாலாவது டேபிளோடு காலி. உப்புக்கறியையும் கோலா உருண்டையையும் சர்வர் கையால் டேபிளுக்கே பரிமாறச் சொல்லுங்கள். விருந்து உபசாரம் போலவும் இருக்கும், அளவும் நிற்கும். பணியாரத்துக்கு லைவ் கவுண்டர் வையுங்கள். சூடாக வருவதற்காக நின்று காத்திருப்பார்கள், அந்த நேரத்தில் தட்டும் மெதுவாகும்.

சமையல் குழுவைத் திருவிழாவுக்கு முந்தைய நாள் வரவழைப்பது ஆபத்து. மூன்று வாரம் முன்பே ஒரு நாள் ட்ரையலுக்கு அழையுங்கள். மாஸ்டரிடம் எவ்வளவு மிளகாய்த்தூள் என்று கேட்டால், "கண்ணளவுதான் தம்பி" என்பார். கேட்காதீர்கள். எங்கள் கமி பையன் செய்ததைச் சொல்கிறேன்: மிளகாய்த்தூள், கல்பாசி, மராட்டி மொக்கு, எண்ணெய், ஒவ்வொரு டப்பாவையும் சமையலுக்கு முன் எடைபோட்டுக் குறித்தான், முடிந்ததும் மறுபடி எடைபோட்டான். வித்தியாசம்தான் ரெசிபி. "என்னடா தம்பி, என் கையைத் தராசுல வைக்கிற?" என்று மாஸ்டர் சிரித்தார். "உங்க கைய வச்சாத்தாண்ணே ஸ்டோர்ல இன்டென்ட் போட முடியும்," என்றான் அவன்.

ட்ரையலில் இன்னொன்றும் தெரியவரும். கல்யாணச் சமையல்காரர் ஐந்நூறு பேருக்கு ஒரே மூச்சில் இறக்கிப் பழகியவர். பஃபேயில் ஏழரை மணிக்கு வருகிறவருக்கும் பத்து மணிக்கு வருகிறவருக்கும் அதே குழம்பு வேண்டும். அரைத்த மசாலாவையும் வதக்கிய அடிப்படையையும் மாலைக்குள் முடித்துவைத்து, கடைசிக் கட்டத்தை மட்டும் இருபது, இருபத்தைந்து பேருக்கான அளவில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இதை அவரே செய்யமாட்டார், உங்கள் சூ ஷெஃப் ஒருவர் பாஸில் நின்று சொல்ல வேண்டும். குழுவினருக்கு மருத்துவச் சான்றிதழ் இருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள். எஃப்எஸ்எஸ்ஏஐ விதிப்படி வெளியாளாக இருந்தாலும் உணவைக் கையாளுகிறவருக்கு அது வேண்டும்.

விளம்பரத்துக்கு ட்ரையல் நாளே போட்டோ எடுத்துவிடுங்கள். கவுனி அரிசியும் பால் பணியாரமும் படத்தில் நன்றாக விழும். சனி, ஞாயிறு தானாக நிரம்பும். பணம் போக வேண்டியது திங்கள் முதல் வியாழன் வரைக்கு. பத்துப் பேருக்கு மேல் வரும் ஆபீஸ் குழுக்களுக்கு முன்பணத்தோடு புக்கிங், பழைய விருந்தினர் பட்டியலுக்கு வாட்ஸாப்பில் இரண்டு முறை, அதற்கு மேல் அனுப்பினால் பிளாக் செய்வார்கள். நாளிதழ் விளம்பரம் என் கணக்கில் திரும்பி வந்ததில்லை. டேபிள் புக் செய்கிறவரிடம் எப்படித் தெரிந்தது என்று கேட்டுக் குறித்துவையுங்கள், அடுத்த தடவை எதை வெட்டலாம் என்று அது சொல்லும்.

செவ்வாய்க்கிழமை இரவு 72-க்குக் கீழே போனால் பதற வேண்டாம், வார நாளில் அது எதிர்பார்த்ததுதான். முதல் சனி, ஞாயிறில் இரண்டும் சேர்ந்து 200-ஐத் தொடவில்லை என்றால்தான் திங்கள் காலையே கொள்முதலைக் குறைக்க வேண்டும். வகைகளைக் குறைக்காதீர்கள், ஒவ்வொன்றின் அளவைக் குறையுங்கள். நாலு வகை காணாமல் போனால் வந்தவர் கவனிப்பார், பாத்திரம் சின்னதானால் யாரும் கவனிக்கமாட்டார்கள்.